15 ஆண்டு ரெஸ்யூமே, 8 ஆண்டு வேலை

எங்கள் பேமெண்ட் அணிக்கு ஒரு ஜாவா பேக்எண்ட் டெவலப்பர் தேவைப்பட்டார். 5 முதல் 8 ஆண்டு அனுபவம் என்று அறிவித்திருந்தோம். ஹெச்.ஆர். ஒதுக்கி வைத்த ரெஸ்யூமேக்களில் ஒன்றில் 15 ஆண்டு அனுபவம் இருந்தது, கடைசி 4 ஆண்டுகள் டெலிவரி மேனேஜராக. "பெரிய சம்பளம் கேட்பார், வேறு நல்ல இடம் கிடைத்ததும் போய்விடுவார்" என்றார்கள்.

நியாயமான பயம்தான். ஆனால் மொத்த ஆண்டுகளை எண்ணி அதற்கு விடை காண முடியாது. கடைசியாக அவர் கைப்பட எழுதிய கோடு எது, எப்போது என்பதைத்தான் நான் தேடுவேன். இவருடைய முதல் பக்கம் முழுக்க 40 பேர் அணி, பட்ஜெட், கிளையண்ட் மீட்டிங். எங்களுக்கு வேண்டிய பேமெண்ட் அனுபவம் இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரே வரியாகக் கிடந்தது.

அழைத்துப் பேசினேன். கோடிங் புதிருக்குப் பதிலாக ஒரு சின்ன புல் ரிக்வெஸ்ட்டைக் கொடுத்து ரிவ்யூ செய்யச் சொன்னேன். அதில் `@Transactional` போட்ட மெத்தடுக்குள்ளேயே வங்கியின் ஏபிஐ அழைக்கப்பட்டிருந்தது. வங்கி பதில் தரும்வரை டேட்டாபேஸ் கனெக்‌ஷன் பிடிபட்டே இருக்கும். `HikariCP`-யில் டிஃபால்ட்டாக 10 கனெக்‌ஷன்கள்தான். வங்கி மந்தமானால் மொத்த அப்ளிகேஷனும் நின்றுவிடும். அதை உடனே பிடித்துவிட்டார். "வங்கியில் பணம் போய், நம் பக்கம் ரோல்பேக் ஆகிவிட்டால்?" என்றும் கேட்டார். அது புரொடக்‌ஷனில் அடிபட்டவருக்கு வரும் கேள்வி. ஜாவா 17-இன் புது வசதிகள் அவருக்குப் பழக்கமில்லை, அதைக் கற்றுக்கொள்ளலாம். "இதையெல்லாம் என் டீம் பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடித்திருப்பேன்.

ஏன் இறங்கி வருகிறீர்கள் என்று கேட்டேன். மறுபடி கோடு எழுத ஆசை என்றார். ஆசையை யாரும் சொல்லலாம். மேனேஜராக இருந்தபோதே ரீகன்சிலியேஷன் ஸ்கிரிப்ட் ஒன்றைத் தானே எழுதிப் பராமரித்ததை அவர் விவரித்த பிறகுதான் நம்பினேன். அது ரெஸ்யூமேயில் எங்குமே இல்லை!

இப்படி வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். "பேமெண்ட் பேக்எண்டில் தனி டெவலப்பராக வேலை செய்ய விரும்புகிறேன், அணித் தலைமை எதிர்பார்க்கவில்லை" என்று முதல் இரண்டு வரியிலேயே எழுதிவிடுங்கள். அதன் கீழே அண்மையில் நீங்களே எழுதியது வரட்டும். மேனேஜர் காலத்தை மூன்று வரியில் சுருக்குங்கள், ஆனால் ஆண்டுகளை மறைக்காதீர்கள். பின்னணிச் சரிபார்ப்பில் பி.எஃப். யூஏஎன் வரலாறு வேலை பார்த்த நிறுவனங்களைக் காட்டிவிடும். மறைத்தது தெரிந்தால் ஆஃபரே போகும்.

சம்பளத்தை முதல் அழைப்பிலேயே பேசிவிட வேண்டும். இவர் எங்கள் வரம்பைக் கேட்டு, வீட்டில் கலந்துகொண்டு, தன் பழைய சம்பளத்தைவிடக் குறைவு என்று தெரிந்தே சம்மதம் சொன்னார். அதன் பிறகுதான் அடுத்த சுற்றுக்கு அனுப்பினேன்.