மின்சாரம், உள்ளீடு, நிரல்: செடிக்கு நீரூற்றும் கருவியில் பழுது தேடிய வரிசை

எங்கள் வீவக வீட்டுத் தாழ்வாரத்தில் கறிவேப்பிலையும் புதினாவும் தொட்டிகளில் வளர்கின்றன. அவற்றுக்குத் தானாக நீரூற்ற அக்காள் மகன் ஒரு கருவி செய்திருந்தான். உள்ளே இருப்பது வைஃபை வசதியுள்ள இஎஸ்பி32 என்ற சிறு கணினிப் போர்டு. மண்ணின் ஈரத்தை அளக்க ஒரு சென்சார், நீர் தீர்ந்தால் தெரிவிக்க ஒரு மிதவை சுவிட்ச், போர்டின் கட்டளைக்கு இயங்கும் சுவிட்சான ரிலே வழியாக ஓடும் 5 வோல்ட் பம்ப் ஆகியவை அதில் இணைந்துள்ளன. நீர் வாளிக்கு இறுக்கமான மூடி போட்டு, குழாய் நுழையும் துளையையும் அடைத்திருக்கிறோம். ஏடிஸ் கொசு முட்டையிட இடம் கொடுத்துவிடக் கூடாது. மின்சாரம் அறைக்குள் இருக்கும் போன் சார்ஜரிலிருந்து, சன்னல் வழியாக 3 மீட்டர் யூஎஸ்பி கேபிளில் வருகிறது.

கருவியில் மூன்று கோளாறுகள் தெரிந்தன. பம்ப் தொடங்கும்போது ரிலே டக் டக்கென்று பல முறை அடித்துக்கொள்ளும். வாளி நிறைய நீர் இருக்கும்போதே "நீர் இல்லை" என்று சொல்லி ஓட மறுக்கும். சில நாள் ஒழுங்காக ஓடி முடித்து, அடுத்த நிமிடமே இன்னொரு முறை ஊற்றித் தொட்டியைச் சேறாக்கிவிடும். எதுவுமே எப்போதும் நடப்பதில்லை, நடக்கும் நேரத்துக்கும் ஒழுங்கில்லை.

"மாமா, முதலில் நிரலைத் திருத்திவிடலாமே? ஒரு முறை ஊற்றினால் அரை மணி நேரம் ஊற்றாதே என்று ஒரு வரி சேர்த்தால் போதும்" என்றான் மருமகன்.

நான் வேண்டாம் என்றேன். நிரல் முடிவெடுப்பது உள்ளீடுகள் தரும் எண்களைக் கொண்டு. அந்த எண்கள் சரியாக இருப்பது மின்னழுத்தம் நிலையாக இருந்தால்தான். அடியில் ஆட்டம் இருக்கும்போது மேலே செய்யும் திருத்தம் பழுதைப் போக்காது, மறைத்துவிடும். இந்தக் கருவியில் அது எப்படி மறைந்திருக்கும் என்பது பிறகு கண்ணெதிரே தெரிந்தது. ஆகவே மின்சாரம், பிறகு உள்ளீடு, கடைசியில் நிரல் என்று வரிசை வைத்துக்கொண்டோம். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவது, பலன் இல்லையென்றால் பழையபடி வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவது என்றும் முடிவு செய்தோம். மாற்றியது என்ன, நடந்தது என்ன என்று ஒரு நோட்டில் எழுதி வந்தோம்.

எதையும் தொடுவதற்கு முன், கருவி இருந்த நிலையிலேயே மடிக்கணினியை இணைத்துச் செய்திகளைப் பார்த்தோம். ரிலே டக்கென்று அடித்ததும் திரையில் இந்த வரி வந்தது:

```
Brownout detector was triggered
```

மின்னழுத்தம் வரம்புக்குக் கீழே இறங்கிவிட்டதால் போர்டு தன்னைத்தானே மறுதொடக்கம் செய்துகொள்கிறது என்பது இதன் பொருள். பம்ப் தொடங்கும்போது மின்னழுத்தம் விழும், போர்டு அணைந்து மீண்டும் எழும், மண் இன்னும் காய்ந்திருப்பதைப் பார்க்கும், மறுபடி பம்பைத் தொடங்கும், மறுபடி விழும். அதுதான் அந்த டக் டக்.

மின்னழுத்தம் எங்கே விழுகிறது என்பதை அடுத்துப் பார்த்தோம். மல்டிமீட்டரைச் சார்ஜர் பக்கம் வைத்தால் 5.1 வோல்ட், நல்ல அளவு. ஆனால் அளக்க வேண்டிய இடம் அதுவல்ல, போர்டில் கம்பி இணைக்கும் கால்களில் ஒன்றான 5 வோல்ட் பின்தான். அங்கே பம்ப் ஓடும்போது 4.6தான் காட்டியது. அதுவும் முழு உண்மை இல்லை. சாதாரண மல்டிமீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணைப் புதுப்பிக்கும். மோட்டார் கிளம்பும் கணத்தில் சில மில்லிநொடிகளுக்கு ஏற்படும் சரிவு அதன் கண்ணில் படாது.

முதலில் சார்ஜரை மட்டும் மாற்றிப் பார்த்தோம். கோளாறு அப்படியே இருந்தது. பழைய சார்ஜரையே திரும்பப் பொருத்தினோம். அடுத்து, கேபிளை மட்டும் எடுத்துவிட்டு ஒரு குட்டைக் கேபிளைப் போட்டுக் கருவியை அறைக்குள்ளேயே ஓட்டினோம். மறுதொடக்கம் நின்றது. பலர் இங்கேயே கண்டுபிடித்துவிட்டதாக எழுந்துவிடுவார்கள். நாங்கள் நீளக் கேபிளை மறுபடி பொருத்தினோம், கோளாறு திரும்பி வந்தது. குட்டைக் கேபிளுக்கு மாறியதும் போனது. போன பழுதை வேண்டுமென்றே திரும்ப வரவழைக்க முடிந்தால்தான் காரணம் அதுவே என்று நான் ஒப்புக்கொள்வேன். தற்செயலாக வந்து போகும் கோளாறுகள், நாம் எதையோ தொட்ட நேரத்தில் தற்செயலாகவே ஓய்ந்தும் இருக்கும்.

கேபிளின் உறையில் பொடி எழுத்தில் 28 கேஜ் என்று இருந்தது. கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெலியும். 28 கேஜ் செம்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம். மின்சாரம் போய் வர வேண்டும் என்பதால் 3 மீட்டர் கேபிளில் கம்பியின் நீளம் 6 மீட்டர், மின்தடை கிட்டத்தட்ட 1.3 ஓம். பம்பும் போர்டும் சேர்ந்து 0.35 ஆம்பியர் எடுத்தால் வழியிலேயே 0.45 வோல்ட் போய்விடும். மல்டிமீட்டர் காட்டிய 4.6 இதனோடு பொருந்துகிறது. ஆனால் நின்றிருக்கும் மோட்டார் கிளம்பும்போது ஓடும்போது எடுப்பதைப்போலப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அந்தக் கணத்தில் 1 ஆம்பியர் போனால் இழப்பு 1.3 வோல்ட், போர்டுக்கு எஞ்சுவது 3.8. இந்த வகைப் போர்டுகள் பலவற்றில் இருக்கும் ஏஎம்எஸ்1117 மின்னழுத்தச் சீராக்கி, 3.3 வோல்ட் தருவதற்கு அதற்கு மேலும் ஏறத்தாழ 1.1 வோல்ட் கேட்கும். 3.8 அதற்குப் போதாது. வைஃபை செய்தி அனுப்பும் கணமும் மோட்டார் கிளம்பும் கணமும் ஒன்றாக அமைந்தால் சரிவு இன்னும் ஆழமாகும். கோளாறு சில வேளை மட்டும் வந்ததற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

சிம் லிம் டவருக்குப் போய் 20 கேஜ் மின்கம்பி உள்ள கேபிள் வாங்கி வந்தோம். அதே 3 மீட்டருக்கு மின்தடை 0.2 ஓம்தான். ஒரு பெரிய மின்தேக்கியையும் சேர்த்துப் போடலாமா என்று மருமகன் கேட்டான். போடலாம், நல்லதுதான். ஆனால் இரண்டையும் ஒன்றாகப் போட்டால் எது காப்பாற்றியது என்று தெரியாமல் போகும். கேபிளை மட்டும் மாற்றினோம். ரிலே ஒரே முறை அடித்துப் பம்ப் ஓடியது, அந்த வரி திரையில் மறுபடி வரவில்லை.

அடுத்தது உள்ளீடு. இதற்கு முழு நிரலும் வேண்டாம். வைஃபை, பம்ப் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, படித்ததை அப்படியே காட்டும் சிறு நிரல் ஒன்றை ஏற்றினோம். பின்களின் அமைப்பு மட்டும் மூல நிரலில் இருந்தபடியே, ஈரச் சென்சாருக்கு 34, மிதவை சுவிட்சுக்கு 35:

```cpp
void setup() {
  Serial.begin(115200);
  pinMode(35, INPUT_PULLUP);
}
void loop() {
  Serial.print(analogRead(34));
  Serial.print("  ");
  Serial.println(digitalRead(35));
  delay(500);
}
```

விடை தெரிந்த நிலைகளைக் கொடுத்துத்தான் சென்சாரைச் சோதிக்க வேண்டும். ஈரச் சென்சாரைத் துடைத்துக் காற்றில் பிடித்தால் 2600 அளவில் நின்றது. தம்ளர் நீரில் கோடு வரை அமிழ்த்தினால் 1200 அளவுக்கு இறங்கி அங்கேயே நின்றது. நடுவில் துள்ளவில்லை. அதை விட்டுவிட்டோம்.

மிதவை சுவிட்ச் அப்படி இல்லை. வாளி நிறைந்திருக்கும்போது அது திறந்திருக்கும், நீர் தீர்ந்தால் மூடிப் பின்னை மின்சுற்றின் 0 வோல்ட் தரையோடு இணைக்கும். ஆகவே நிறைந்த வாளிக்கு எப்போதும் 1 வர வேண்டும். வந்ததோ 1, 1, 0, 1, 0, 0. கம்பியின் அருகே கையைக் கொண்டுபோனாலே எண் மாறியது. சுவிட்ச் கெட்டதா, பின் கெட்டதா என்று பிரிப்பதற்காகச் சுவிட்சைக் கழற்றிவிட்டு, பின்னை ஒரு சிறு கம்பியால் 3.3 வோல்ட்டில் இணைத்தோம். அசையாத 1. தரையில் இணைத்தோம். அசையாத 0. ஒன்றிலும் இணைக்காமல் விட்டபோதுதான் அலைந்தது. பின்னும் நல்லது, படிக்கும் நிரலும் நல்லது. திறந்த நிலையில் பின்னை மேலே இழுத்து வைக்க வேண்டிய மின்தடைதான் அங்கே இல்லை.

`INPUT_PULLUP` என்று எழுதியிருக்கிறதே என்றால், இஎஸ்பி32 சில்லில் 34 முதல் 39 வரையிலான பின்கள் உள்ளீட்டுக்கு மட்டுமே உரியவை. அவற்றின் உள்ளே அந்த இழுமின்தடை கிடையாது. நிரலில் எழுதினாலும் பலன் இல்லை. அந்தரத்தில் விடப்பட்ட பின், வாளி வரை நீண்ட கம்பி வழியாகச் சுற்றியுள்ள மின்சார இரைச்சலையெல்லாம் ஏந்திக்கொள்கிறது.

இதற்கு இரண்டு வழிகள் இருந்தன. உள்ளே இழுமின்தடை உள்ள 32ஆம் பின்னுக்கு மாறலாம், அல்லது 35க்கும் 3.3 வோல்ட்டுக்கும் இடையே வெளியிலிருந்து 10 கிலோ ஓம் மின்தடை ஒன்றைப் போடலாம். பின்னை மாற்றினால் கம்பியும் மாறும், நிரலும் மாறும். இன்னும் சோதிக்காத நிரலை இந்தக் கட்டத்தில் தொட எனக்கு விருப்பமில்லை. மின்தடையைப் போட்டோம், 1 அசையாமல் நின்றது. கழற்றினோம், அலைந்தது. பற்றவைத்துவிட்டோம்.

கடைசியாக மூல நிரலை ஏற்றினோம். இரட்டை ஊற்றல் மட்டும் மிச்சம் இருந்தது. மின்சாரமும் உள்ளீடும் சரியாக இருப்பதால் இனிக் குற்றவாளி நிரல்தான் என்று துணிந்து சொல்ல முடிந்தது. பம்பைக் கழற்றிவிட்டு, சென்சார் படிக்கும் வரிக்குப் பதிலாக மாறாத ஓர் எண்ணை வைத்தோம்:

```cpp
int soil = 2600;
```

ரிலே நிமிடத்துக்கு ஒரு முறை தவறாமல் அடித்தது. நிமிடத்துக்கு ஒரு முறை படி, 2200க்கு மேல் இருந்தால் 8 நொடி ஊற்று என்பதே நிரல். சொன்னதைச் செய்கிறது. மண் அந்த வேகத்தில் நனைவதில்லை. கையால் நீரூற்றிப் பார்த்தபோது, சென்சாரின் எண் 2200க்குக் கீழே இறங்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. மண் நன்றாகக் காய்ந்திருந்த நாள்களில்தான் இரண்டாம் முறை ஊற்றியிருக்கிறது. மருமகன் முதலிலேயே சொன்ன வரியை இப்போது சேர்த்தோம்:

```cpp
if (soil > 2200 && millis() - lastRun > 1800000UL) {
  runPump();
  lastRun = millis();
}
```

`lastRun` தொடக்கத்தில் 0. போர்டு எழுந்தபின் அரை மணி நேரம் பம்ப் ஓடாது. இந்த வரியை முதல் நாளே சேர்த்திருந்தால், பம்ப் தொடங்கும், போர்டு விழுந்து எழும், பிறகு அரை மணி நேரம் அமைதியாக இருக்கும். டக் டக் சத்தமும் இருக்காது, பழுது போய்விட்டது என்றே நினைத்திருப்போம். செடி மட்டும் வாடிக்கொண்டே போயிருக்கும்.

மிதவையைத் திருப்பிப் போட வேண்டிய வேலை ஒன்று பாக்கி. இப்போதைய அமைப்பில் கம்பி அறுந்தாலும் வாளி நிறைந்திருப்பதாகவே தெரியும், பம்ப் வறட்சியில் ஓடும். நீர் இருக்கும்போது சுவிட்ச் மூடியிருக்குமாறு திருப்பினால், அறுந்த கம்பி "நீர் இல்லை" என்று காட்டும். மிதவையோடு நிரலிலும் ஒரு வரி மாற வேண்டும். அதனால் முதலில் சிறு நிரலில் கம்பியைப் பிடுங்கி எண்ணைப் பார்த்துவிட்டு, அதன் பிறகே மூல நிரலில் கை வைக்கப் போகிறோம்.