தடைக்காலமும் முதல் பருவக் கட்டணமும்

மண்டபம் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். இந்த ஆண்டு கட்டணம் மாறியது. தாமதக் கட்டணத்துக்கும் புதிய விதி வந்தது. பெற்றோருக்கான அறிவிப்பை எழுதும் பொறுப்பு எனக்கு.

எழுத உட்கார்ந்ததும் முதலில் பார்த்தது நாள்காட்டியைத்தான். எங்கள் பிள்ளைகளில் பாதிப்பேரின் வீட்டில் விசைப்படகுதான் வருமானம். மீன்பிடித் தடையால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போக முடியாது. முதல் பருவக் கட்டணத்தின் கடைசி நாளோ ஜூன் 15 என்று இருந்தது. தடை முடிந்தாலும் கையில் உடனே பணம் இருக்காது; டீசல், ஐஸ், வலை பழுது எல்லாவற்றுக்கும் வாங்கிய கடனைக் கழித்துத்தான் பங்கு பிரிப்பார்கள். அந்த நேரத்தில் தாமதக் கட்டணம் கேட்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. தாளாளரிடம் சொன்னேன். கடைசி நாளை ஜூலை 10க்கு மாற்ற ஒப்புக்கொண்டார்.

பிறகுதான் வாசகங்கள். அரசின் கட்டண நிர்ணயக் குழு அனுமதித்த தொகைக்கு மேல் பள்ளி வாங்கக்கூடாது என்பதால், அந்த ஆணையின் எண்ணையும் நாளையும் தலைப்புக்குக் கீழேயே போட்டேன். அடுத்த வரியில், “ஐந்தாம் வகுப்பு, முதல் பருவம்: சென்ற ஆண்டு 5,400 ரூபாய், இந்த ஆண்டு 6,000 ரூபாய்”. கூடிய 600 ரூபாயைப் பெற்றோரே கழித்துக் கண்டுபிடிக்கும்படி விடாமல், அதையும் எழுதினேன்.

சண்டை வருவது பெரும்பாலும் தாமதக் கட்டணத்தில்தான். பழைய அறிவிப்பில் “15ஆம் தேதிக்குள்” என்று இருந்தது. அந்த நாளும் சேர்த்தியா என்று ஒவ்வொரு பருவமும் ஜன்னலில் வாக்குவாதம் நடக்கும். அதனால் இப்படி எழுதினேன்:

“ஜூலை 10 மாலை 4 மணி வரை கட்டலாம். முடியாதவர்கள் ஜூலை 20 வரை கூடுதல் பணம் இல்லாமல் கட்டலாம். ஜூலை 21 முதல் விடுமுறை உட்பட நாளொன்றுக்கு 10 ரூபாய் சேரும். எவ்வளவு தாமதமானாலும் 200 ரூபாய்க்கு மேல் போகாது. உதாரணமாக, ஜூலை 28 அன்று கட்டினால் 8 நாளுக்கு 80 ரூபாய். ஐந்தாம் வகுப்புக்கு மொத்தம் 6,080 ரூபாய்.”

உச்சவரம்பைச் சொல்வது அவசியம். தொகை நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகும் என்று பயந்தவர்கள் பள்ளிப் பக்கமே வராமல் இருந்துவிடுவார்கள்; பிள்ளையையும் அனுப்பத் தயங்குவார்கள்.

கடைசிப் பத்தியில், “தவணை வேண்டுமானால் ஜூலை 10க்கு முன்பு அலுவலகத்தில் சொல்லுங்கள். கட்டண பாக்கிக்காகப் பிள்ளையை வகுப்பில் எழுப்பிக் கேட்க மாட்டோம்” என்று சேர்த்தேன். இரண்டாவது வாக்கியத்தை ஆசிரியர்களிடம் முன்கூட்டியே காட்டி ஒப்புதல் வாங்கினேன், ஏனென்றால் அதைக் காப்பாற்ற வேண்டியவர்கள் அவர்கள்.

அறிவிப்பு போன மறுநாள் ஒரு அம்மா வந்தார். “சார், ஜூலை முதல் வாரம் பாதி, ஆகஸ்டில் பாதி தரலாமா?” என்று கேட்டார். தவணைப் பதிவேட்டில் இரண்டு தேதிகளையும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். அவருக்குத் தாமதக் கட்டணம் கிடையாது என்பதையும் அதே வரியில் குறித்தேன்.