செக் அவுட் பக்கம்: அக்டோபர் குறிப்புகள்

அக்டோபர் 3
நம் ஆன்லைன் கடையில் போனோடு விற்கும் கூடுதல் வாரண்டிக்கு முன்பே போட்டு வைத்த டிக் இன்னும் அப்படியே இருக்கிறது.

அக்டோபர் 4
ஈரோட்டிலிருந்து ஒரு பெரியவர் கூப்பிட்டார். "தம்பி, போன் 54,999னு போட்டிருந்துச்சு. நான் கேக்காத 999 எதுக்கு?" நாமே டிக் போட்டு வைத்த வாரண்டி. முன்கூட்டியே டிக் போட்டு சம்மதம் வாங்கக் கூடாது என்று 2020 இ-காமர்ஸ் விதியிலேயே இருக்கிறது. கேட்காததைக் கூடையில் நுழைப்பதை 2023 நவம்பர் வழிகாட்டுதலும் பெயர் சொல்லித் தடுக்கிறது. மேனேஜர் சாரிடம் காட்டினேன். "எல்லாரும் செய்றாங்கப்பா" என்றார். தூக்கம் வரவில்லை.

அக்டோபர் 7
பேமென்ட் பக்கத்தில் ஓடும் பட்டியில் எட்டுப் பொருள். கேலக்ஸி எஸ்24 வாங்குகிறவருக்கு அதில் ஏழு தேவையே இல்லை. பெட்டியில் கேபிள் உண்டு, சார்ஜர் கிடையாது. அவர் கையில் பழைய சார்ஜர் இருந்தாலும், போன் கேட்கும் அளவுக்கு மின்னழுத்தத்தை மாற்றித் தரும் பிபிஎஸ் வசதி இல்லாததாக இருந்தால் எத்தனை வாட் எழுதியிருந்தாலும் இந்த போன் 25 வாட் வேகத்துக்கு வராது. இதைத்தான் அவருக்குச் சொல்ல வேண்டும். அதனால் ஒரே வரி எழுதினேன்: "பெட்டியில் சார்ஜர் இல்லை. இந்த மாடலுக்கு 25 வாட் பிபிஎஸ் சார்ஜர், ₹1,199." பக்கத்தில் 'சேர்' பட்டன். அழுத்தினால் மொத்தத் தொகை அங்கேயே மாறும். அதே இடத்தில் எடுத்தும் விடலாம். பாப்-அப் வேண்டாம்.

இதன் இடம் கார்ட் பக்கம். யூபிஐ பேமென்ட் தொடங்கிய பிறகு தொகை மாறினால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆள் குழம்பி மூடிவிட்டுப் போய்விடுவார்.

அக்டோபர் 9
மேனேஜருக்காக ஒரு உத்தேசக் கணக்கு. சார்ஜரில் லாபம் 150, போனில் 400 என்று வைத்துக்கொள்வோம். 100 பேரில் 8 பேர் சார்ஜர் எடுத்தால் 1,200 வரும். தொல்லை தாங்காமல் 3 பேர் போனையே விட்டுப் போனால் அதே 1,200 போச்சு. சார்ஜர் எத்தனை விற்றது என்பதை மட்டும் பார்த்தால் இந்த மூன்று பேர் கண்ணில் படவே மாட்டார்கள். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பாதிப் பேருக்குப் புது வரியைக் காட்டிப் பார்க்கச் சம்மதித்தார். வாரண்டியைப் பற்றிப் பேச்சே இல்லை.

அக்டோபர் 10
போன் இருக்கும் கிடங்கில் சார்ஜர் ஸ்டாக் இல்லையென்றால் அந்த வரியைக் காட்டவே கூடாது. சார்ஜருக்காகப் போன் காத்திருந்தால் திட்டு நமக்குத்தான்.

அக்டோபர் 12
கவரும் சேர்க்கச் சொல்கிறார்கள். பெயரை வைத்துப் பொருத்தினால் எஸ்24 பிளஸ் வாங்கியவருக்கு எஸ்24 கவர் போகும். SM-S921, SM-S926 என்று மாடல் எண்ணை வைத்துத்தான் அட்டவணை போட வேண்டும். அது முடியும்வரை கவர் கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 14
"வேண்டாம், என் போன் உடைந்தால் பரவாயில்லை" என்று பட்டனில் எழுதச் சொன்னார்கள். முடியாது என்றேன். வாங்க வந்தவரை ஏன் கூனிக் குறுக வைக்க வேண்டும்? "வேண்டாம்" போதும்.

அக்டோபர் 16
மூன்று மணிக்கு வாரண்டி டிக் எடுத்தாச்சு! சார்ஜர் ரிட்டர்ன் எத்தனை என்பது அடுத்த வாரம்தான் தெரியும்.