பிடிஎஃப் ஃபார்ம்ல கையெழுத்து படம் வைக்கிறதும், அதை யாரும் உரிச்சு எடுக்க முடியாம அனுப்புறதும்

புது கம்பெனில சேர்றதுக்கு முன்னாடி எச்ஆர்ல இருந்து ஒரு மெயில் வந்துச்சு. பிஎஃப் ஃபார்ம் 11, நாமினேஷன், ரெண்டு டிக்ளரேஷன், கடைசி டிக்ளரேஷனைத் தவிர எல்லாமே பிடிஎஃப், "ஸ்கேன் பண்ண கையெழுத்து போதும், போட்டு ரிப்ளை பண்ணுங்க"ன்னு. வீட்ல பிரிண்டர் கிடையாது, பக்கத்து ஜெராக்ஸ் கடைல போய் எல்லாத்தையும் பிரிண்ட் எடுத்து கையெழுத்து போட்டு திரும்ப ஸ்கேன் பண்ணா அங்க இருக்கற கம்ப்யூட்டர்ல என் பான் நம்பர், பேங்க் அக்கவுண்ட் எல்லாம் தங்கிடும், அதனால லேப்டாப்லயே முடிச்சிடலாம்னு உக்காந்தேன். படம் ஒட்டுறது சின்ன வேலைதான், ஆனா ஒட்டின படம் அந்த ஃபைலை விட்டு எவ்வளவு ஈசியா வெளிய வருதுன்னு செக் பண்ணி பார்த்ததுக்கு அப்புறம்தான் பாதி நேரம் போச்சு. ரெண்டையும் சேர்த்தே எழுதிடறேன்.

முதல்ல கையெழுத்து. கோடு போடாத வெள்ளை பேப்பர், நீல மை பேனா, ஜன்னல் பக்கத்துல பகல் வெளிச்சம். போனை நேரா மேல பிடிச்சு எடுக்கணும், சாய்ச்சா எழுத்தும் சாயும். நம்ம கை நிழல் மேல விழாம பார்த்துக்கணும், ஃபிளாஷ் வேண்டாம், நடுவுல பளிச்சுன்னு ஒரு வெள்ளைத் திட்டு வந்துடும். வழக்கமா போடற சைஸ்லயே போடுங்க, பெருசா போட்டு அப்புறம் சுருக்கினா கோடு மெலிஞ்சு போய் வேற யாரோ போட்ட மாதிரி இருக்கும்.

அந்த போட்டோவை அப்படியே ஃபார்ம்ல வச்சா என்ன ஆகும்னா, கையெழுத்தைச் சுத்தி ஒரு சாம்பல் கலர் கட்டம் வந்து ஃபார்ம்ல இருக்கற கோட்டையும் "கையொப்பம்"ங்கற எழுத்தையும் மறைச்சிடும். ஜேபிஜி ஃபைல்ல டிரான்ஸ்பரன்ட்ங்கற விஷயமே கிடையாது, அதனால பின்புலத்தை எடுத்துட்டு பிஎன்ஜி-யா சேவ் பண்ணணும். இதுக்கு கூகுள்ல தேடினா பேக்ரவுண்ட் எடுத்து தர்ற சைட் நூறு வரும், தயவுசெஞ்சு அங்க போகாதீங்க, நம்ம கையெழுத்தை முகம் தெரியாத ஒருத்தர் சர்வர்ல நாமே கொண்டுபோய் வைக்கிற வேலை அது. ஜிம்ப் இலவசம், அதுலயே முடியும். முதல்ல Colors மெனுல Levels திறந்து வலது பக்க முக்கோணத்தை இடது பக்கமா இழுக்கணும், பேப்பர் சுத்த வெள்ளையா மாறும் வரைக்கும். அதுக்கப்புறம்தான் Color to Alpha. இந்த வரிசை முக்கியம், லெவல்ஸ் பண்ணாம நேரா ஆல்ஃபா போட்டா பேப்பரோட லேசான சாம்பல் நிறம் ஒரு படலமா தங்கிடும், ஸ்கிரீன்ல கண்ணுக்கே தெரியாது, பிரிண்ட்ல தெரியும். கண்டுபிடிக்க ஒரு வழி, கீழ ஒரு ஆரஞ்சு கலர் லேயர் போட்டு பாருங்க, எழுத்தை தவிர எங்கயாவது மங்கலா இருந்தா இன்னும் கொஞ்சம் இழுக்கணும்.

அடுத்து ஒட்டுறது. நான் யூஸ் பண்ணது Xournal++, அதுல பிடிஎஃப்-ஐ திறந்து படத்தை சேர்த்து, அகலம் நாலஞ்சு சென்டிமீட்டருக்குள்ள வச்சு, கையெழுத்தோட அடிப்பகுதி கோட்டை கொஞ்சம் தொடற மாதிரி இறக்கி, எக்ஸ்போர்ட் பண்ணேன். கோட்டுக்கு மேல அந்தரத்துல மிதக்கற கையெழுத்தை பார்த்தாலே ஒட்டினதுன்னு தெரியும். அடோபி ரீடர்ல Fill & Sign-லயும் இதே வேலை நடக்கும், ஆனா அங்க படம் சேர்க்கும்போது Save signature-னு ஒரு டிக் இருக்கும், ஆபீஸ் கம்ப்யூட்டர்லயோ பிரவுசிங் சென்டர்லயோ உக்காந்து பண்றீங்கன்னா அதை கண்டிப்பா எடுத்துடுங்க, இல்லன்னா அடுத்து அங்க வந்து உக்கார்றவருக்கு உங்க கையெழுத்து ரெடியா இருக்கும்.

இதுவரைக்கும் சரி. மெயில் அனுப்பறதுக்கு முன்னாடி சும்மா ஒரு செக் பண்ணலாம்னு டெர்மினல்ல இதை அடிச்சேன், பாப்ளர்ங்கற பேக்கேஜ்ல வர்ற சின்ன டூல்தான்:

```
pdfimages -list signed.pdf
pdfimages -png signed.pdf out
```

முதல் கமாண்ட்ல ரெண்டு வரி வந்துச்சு, ஒண்ணுல `image`, அடுத்ததுல `smask`. ரெண்டாவது கமாண்ட் அதை ரெண்டு பிஎன்ஜி ஃபைலா வெளிய எடுத்து போட்டுச்சு. ஒண்ணு மை கலர், இன்னொண்ணு எது தெரியணும் எது தெரியக்கூடாதுன்னு சொல்ற மாஸ்க், ரெண்டையும் சேர்த்தா நான் ஜிம்ப்ல கஷ்டப்பட்டு செஞ்ச அதே படம், ஃபார்ம் கோடு கூட மேல படாம, ஒரு புள்ளி குறையாம. அதாவது பார்க்கறதுக்கு பேப்பர்ல போட்ட மாதிரி இருந்தாலும் பிடிஎஃப்-க்குள்ள அது தனி பொருளா, பக்கத்து மேல ஒட்டின ஸ்டிக்கர் மாதிரிதான் உக்காந்திருக்கு. எச்ஆர்ல ஒருத்தர் கெட்ட எண்ணம் வச்சிருக்கணும்னு கூட இல்ல, அந்த மெயில் எங்க எங்க ஃபார்வர்ட் ஆகும், எந்த ஏஜென்சி கைக்கு போகும்னு நமக்கு தெரியாதே.

நிறைய பேர் சொல்ற வழி, பிரிண்ட் கொடுத்து "சேவ் ஆஸ் பிடிஎஃப்" பண்ணிடு, ஃபிளாட்டன் ஆயிடும்னு. அதையும் பண்ணி பார்த்தேன். மவுஸ்ல கிளிக் பண்ணி படத்தை நகர்த்த முடியல, அது உண்மை, ஆனா அதே `pdfimages` போட்டா கையெழுத்து மறுபடியும் தனியா வந்து நின்னுச்சு. ஃபிளாட்டன் பண்ணா அது பக்கத்தோட உள்ளடக்கத்துல சேருது, ஆனா தனி படமா இருக்கறது மாறல. எடிட் பண்ணக்கூடாதுன்னு பாஸ்வேர்ட் போடறதும் இதே கதைதான், அந்த தடையை மதிக்கறதும் மதிக்காததும் திறக்கற சாஃப்ட்வேர் இஷ்டம், `qpdf --decrypt` போட்டா போயிடும். திறக்கறதுக்கே கேட்கற பாஸ்வேர்ட் வேற, அது நிஜமான என்கிரிப்ஷன், வழியில வேற யார் கையிலயாவது மாட்டினா காப்பாத்தும், ஆனா பாஸ்வேர்ட் தெரிஞ்ச ஆள் திறந்துட்டா அதோட சரி.

வேலைக்கு ஆனது என்னன்னா கையெழுத்து இருக்கற பக்கத்தை மட்டும் முழுசா ஒரே படமா மாத்திடறது. என் ஃபார்ம்ல கையெழுத்து ரெண்டாவது பக்கத்துல:

```
pdftoppm -r 200 -f 2 -l 2 -png signed.pdf page
img2pdf page-2.png -o p2.pdf
qpdf --empty --pages filled.pdf 1 p2.pdf 1 -- final.pdf
```

200 டிபிஐ-ல ஏ4 பக்கம் கிட்டத்தட்ட 1654க்கு 2339 பிக்சல் வரும், பிரிண்ட் எடுத்தா எழுத்து தெளிவா இருக்கும், ஃபைலும் மெயில்ல போற சைஸ்தான். மூணாவது வரியில `filled.pdf`ங்கறது விவரம் எல்லாம் டைப் பண்ணி கையெழுத்து ஒட்டறதுக்கு முன்னாடி சேவ் பண்ணி வச்ச காப்பி. முதல் பக்கத்தை அதுல இருந்து எடுக்கறது காரணமாத்தான், கையெழுத்து படம் எப்பவுமே இல்லாத ஃபைல்ல இருந்து எடுத்தா அதோட மிச்சம் மீதி எதுவும் ஒட்டிக்கிட்டு வராது, முதல் பக்க எழுத்தும் தேடுற மாதிரி, காப்பி பண்ற மாதிரியே இருக்கும். கமாண்ட் அடிக்க பிடிக்கலன்னா ஜிம்ப்லயே பிடிஎஃப் பக்கத்தை 200 ரெசல்யூஷன்ல திறந்து திரும்ப பிடிஎஃப்-ஆ எக்ஸ்போர்ட் பண்ணாலும் அந்த பக்கம் இதே மாதிரி ஒரே படமாயிடும். முடிச்சிட்டு மறுபடி `pdfimages` போட்டு பாருங்க, இப்போ முழுப் பக்கம் ஒரே படமா வரணும், கையெழுத்து தனியா வரக்கூடாது.

இப்பவும் ஒருத்தர் அந்த பக்கத்துல இருந்து கையெழுத்தை கட் பண்ணலாம்தான். அதனால படமா மாத்தறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணேன், கையெழுத்தோட வால் பகுதி மேல ஏறி போற மாதிரி தேதியும் "பிஎஃப் ஃபார்ம் 11-க்கு மட்டும்"ங்கறதும் அதே நீலத்துல டைப் பண்ணி வச்சேன். ஆதார் ஜெராக்ஸ் கொடுக்கும்போது குறுக்க எழுதி கொடுக்கறோமே, அதேதான். ஃபார்ம் கோடு, தேதி, எழுத்து எல்லாம் மை கோட்டோட ஒரே நிறத்துல கலந்துட்டா சுத்தமா பிரிச்சு எடுக்கறது பொறுமையான ஆளுக்கே தலைவலி. முடியாதுன்னு சொல்லல, பேப்பர்ல பேனாவால போட்டு ஸ்கேன் பண்ணாலும் அந்த அளவு ரிஸ்க் இருக்கத்தான் செய்யுது. கையெழுத்தோட முக்கியமான பகுதியை மட்டும் மறைச்சிடாதீங்க. பேங்க் மாதிரி ஸ்பெசிமன் கையெழுத்தோட ஒப்பிட்டு பார்க்கற இடத்துல மேல எழுத்து இருந்தா ரிஜெக்ட் பண்ணிடுவாங்க, என்னை கேட்டா பணம் நகர்ற எந்த ஃபார்முக்கும் படமே வேண்டாம், நேர்ல போய் பேனாவால போட்டுடலாம்.

இன்னொண்ணு, இது எனக்கு ஒரு வக்கீல் நண்பர் சொன்னது. ஒரே படத்தை எல்லா ஃபார்முக்கும் யூஸ் பண்ணாத, ஒவ்வொரு இடத்துக்கும் புதுசா ஒரு கையெழுத்து போட்டு எடு, எது எங்க போச்சுன்னு ஃபைல் பேர்லயே எழுதி வைன்னார். ஏன்னா மனுஷன் ரெண்டு தடவை போட்ட கையெழுத்து ஒண்ணு மேல ஒண்ணு வச்சா அச்சு அசலா பொருந்தவே பொருந்தாது. நாளைக்கு நாம பார்த்தே இருக்காத ஒரு டாக்குமெண்ட்ல நம்ம கையெழுத்து இருந்து, அது பிஎஃப் ஃபார்ம்ல போனதோட வளைவு வளைவா பொருந்துச்சுன்னா, அது போட்டது இல்ல, அங்க இருந்து எடுத்து ஒட்டினதுன்னு காட்டலாம், எந்த வழியா கசிஞ்சதுன்னும் தெரியும். எல்லா இடத்துலயும் ஒரே படம் கொடுத்திருந்தா அந்த வாதம் அங்கயே பாதி செத்துடும். அதனால அனுப்பின ஃபைனல் காப்பியும் மெயிலும் டெலீட் பண்ணாம வச்சிருக்கேன்.

சுத்தமா வெட்டின அந்த டிரான்ஸ்பரன்ட் பிஎன்ஜிதான் எல்லாத்துலயும் ஆபத்தான ஃபைல். போன்ல எடுத்த ஒரிஜினல் போட்டோ தானா கிளவுட்ல பேக்கப் ஆகும், அங்கயும் போய் அழிச்சு டிராஷையும் காலி பண்ணணும். லேப்டாப்புக்கு மாத்தறதுக்கு நமக்கு நாமே வாட்ஸ்அப் பண்ணிக்கறது ஒரு பழக்கம், அதை விட்டுட்டு கேபிள் போட்டேன். பிஎன்ஜி இப்போ கீபாஸ்எக்ஸ்சி பாஸ்வேர்ட் ஃபைலுக்குள்ள அட்டாச்மென்ட்டா இருக்கு, வெளிய காப்பி கிடையாது.

ஃபார்ம்ல சில இடத்துல கையெழுத்து கட்டத்தை கிளிக் பண்ணா டிஜிட்டல் ஐடி கேட்கும். அது படத்துக்கான இடமே இல்ல, டிஜிட்டல் சிக்னேச்சர் ஃபீல்டு. அது மேல படத்தை ஒட்டினா கண்ணுக்கு நிறைஞ்சிருக்கும், ஆனா உள்ள காலியாத்தான் கிடக்கும். ஐடி ஆக்ட் 2000 சொல்ற டிஜிட்டல் கையொப்பமும் ஆதார் இ-சைனும் வேற ரகம், ஃபைல்ல பின்னாடி ஒரு எழுத்து மாறினாலும் காட்டிக்கொடுக்கும், படத்துக்கு அந்த பவர் கிடையாது. அதே மாதிரி ஏற்கனவே ஒருத்தர் டிஜிட்டலா சைன் பண்ணி அனுப்பின பிடிஎஃப்-ஐ மேல சொன்ன மாதிரி படமா மாத்தினா அவரோட சைன் போயிடும். என் ஃபார்ம்ல ஒண்ணுல இந்த ஃபீல்டு இருந்துச்சு, எச்ஆர்ட்ட கேட்டேன், "படம் போதும் சார், டெம்ப்ளேட் அப்படி வந்துடுச்சு"ன்னு மெயில்லயே பதில் வாங்கிக்கிட்டு அப்புறம்தான் அனுப்பினேன்.

கடைசி டிக்ளரேஷன் வேர்டு ஃபைலா வந்துச்சு. அதுல படத்தை வச்சு அப்படியே திருப்பி அனுப்பிடாதீங்க, `.docx`ங்கறது உள்ளுக்குள்ள ஒரு ஜிப் ஃபைல், பேரை `.zip`னு மாத்தி திறந்தா `word/media` ஃபோல்டர்ல படம் அப்படியே கிடக்கும், வேர்டுல கிராப் பண்ணி மறைச்ச ஓரம் கூட பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஒரே பேப்பர்ல பழகறதுக்கு நாலு கையெழுத்து போட்டு அதுல ஒண்ணை மட்டும் கிராப் பண்ணி காட்டினா மீதி மூணும் சேர்ந்தே போகும். நான் அதை பிடிஎஃப்-ஆ மாத்தி, மத்த ஃபார்ம் மாதிரியே பக்கத்தை படமாக்கி அனுப்பினேன், அவங்களும் ஒண்ணும் கேட்கல.