கட் நாட்களில் டெட்லிஃப்ட்

பிப்ரவரி 2, திங்கள்

உடம்புக் கொழுப்பைக் குறைக்கும் கட் இன்று ஆரம்பம். எடை 82 கிலோ. தினமும் 400 கலோரி குறைத்துச் சாப்பிடுகிறேன், புரோட்டீனை மட்டும் 160 கிராமுக்குக் கீழே இறங்க விடுவதில்லை. இதுவரை வாரத்தில் இரண்டு நாள் டெட்லிஃப்டில் பாரைத் தரையிலிருந்து இழுத்தேன்: திங்கள் 140 கிலோவில் ஐந்து செட், வியாழன் 120-ல் நான்கு. சாப்பாடு குறைந்தால் உடம்பு தேறுவதற்கும் நாளாகும். பலர் எடையைக் குறைத்து ரெப்ஸைக் கூட்டுகிறார்கள், அதில் எனக்கு உடன்பாடில்லை. தசையைக் காப்பாற்றுவது கனமான எடைதான், வெட்ட வேண்டியது செட்களை. அதனால் இன்று 155-ல் மூன்று ரெப்ஸ், ஒரே செட். இன்னும் இரண்டு ரெப்ஸ் வரும் என்ற நிலையிலேயே நிறுத்தினேன். பிறகு 130-ல் ஐந்தைந்தாக இரண்டு செட்.

பிப்ரவரி 5, வியாழன்

இரண்டாம் நாளுக்கு ருமேனியன் டெட்லிஃப்ட்: 90 கிலோ, எட்டு ரெப்ஸ், மூன்று செட். முழங்காலை லேசாக மடக்கி, இடுப்பைப் பின்னால் தள்ளி, பாரைத் தொடையோடு ஒட்டியே இறக்குகிறேன். முதுகு வளையத் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலேயே திரும்பிவிட வேண்டும். எனக்கு அது முழங்காலுக்குக் கீழே நாலு விரல். தொடையின் பின்பக்கத்துக்கு நல்ல வேலை, கீழ்முதுகுக்கோ திங்கட்கிழமையைவிடச் சுமை எவ்வளவோ குறைவு.

குனிந்து இழுக்கும் பார்பெல் ரோவையும் எடுத்துவிட்டேன். இனி சாய்வு பெஞ்சில் மார்பை வைத்து டம்பெல் ரோ. டெட்லிஃப்ட் செட்களை மட்டும் கணக்கெடுத்தால் ஆறுதான், ஆனால் ஸ்குவாட்டும் ரோவும் அதே கீழ்முதுகில்தான் வந்து இறங்குகின்றன. கீழ்முதுகு களைப்பதற்குப் பாதிக் காரணம் அங்கேதான் இருக்கிறது.

மார்ச் 2, திங்கள்

எடை 80. இடுப்புச் சுற்றளவு குறைந்ததால் பெல்ட் பழைய ஓட்டையில் தொளதொளவென்று நிற்கிறது. வயிற்றில் மூச்சை நிரப்பி அழுத்தினால் பெல்ட் எதிர்த்து நிற்க வேண்டும், அந்தப் பிடிப்பே இல்லை. ஒரு ஓட்டை உள்ளே தள்ளிக் கட்டியதும் 155 ஒழுங்காக எழுந்தது. கட் செய்பவர்கள் மாதம் ஒருமுறையாவது பெல்ட்டைப் பார்க்க வேண்டும்.

மார்ச் 9, திங்கள்

155-ன் மூன்றாவது ரெப்பில் பார் தரையை விட்டு எழும் முன்பே இடுப்பு மேலே போய்விட்டது. கால்கள் வேலையை விட்டு, சுமை முதுகுக்கு மாறுகிறது என்பதற்கு இதுதான் அடையாளம். வீடியோவில் பக்கவாட்டில் பார்த்தால் பளிச்சென்று தெரிகிறது. மீதி இரண்டு செட்டில் ஒன்றை விட்டேன்.

மார்ச் 10, செவ்வாய்

காலையில் முதுகெலும்பின் இரு பக்கமும் சமமாக இறுக்கம், நடந்ததும் தளர்ந்தது. இது தசைக் களைப்பு. ஒரே பக்கம் குத்தினாலோ, வலி காலுக்கு இறங்கினாலோ, மரத்துப்போனாலோ பாரைத் தொடாமல் டாக்டரிடம் போக வேண்டும்.

அடுத்த திங்கள் இழுப்பது பிளாக் மேல் வைத்து, பார் முழங்காலுக்குச் சற்றுக் கீழே. குனிவு குறையும். அந்த உயரத்தில் 170 கூட வரும், ஆனாலும் 155-ஐத் தாண்டப் போவதில்லை. இரண்டு வாரம் இப்படி, பிறகு மறுபடி தரையிலிருந்து 145.