ஒரே வீட்டில் இரண்டு காய்ச்சல்: ஒன்றுக்கு ஆன்டிபயாடிக் தேவையில்லை, ஒன்றுக்கு அதுதான் மருந்து

போன மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் அடுத்தடுத்து இரண்டு பேருக்குக் காய்ச்சல் வந்தது. முதலில் இரண்டாம் வகுப்பு படிக்கும் என் பொண்ணுக்கு, அவள் தேறிய கொஞ்ச நாளில் வேலூருக்குப் பக்கத்தில் அணைக்கட்டு என்ற ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கும் என் அப்பாவுக்கு. இரண்டு பேருக்கும் தெர்மாமீட்டரில் 103 வரை ஏறியது. ஆனால் பொண்ணுக்கு ஆன்டிபயாடிக் ஒரு சொட்டுகூடத் தேவைப்படவில்லை, அப்பாவுக்கோ சரியான ஆன்டிபயாடிக் கிடைக்காமல் இன்னும் சில நாள் போயிருந்தால் உயிருக்கே ஆபத்து. காய்ச்சல் எவ்வளவு ஏறுகிறது என்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று எனக்கு முதலில் புரிந்தது இதனால்தான். சாதாரண வைரஸும் 104 வரை கொண்டுபோகும், மோசமான பாக்டீரியா தொற்றும் சில பேருக்கு 100-ஐத் தாண்டாமல் இருக்கும்.

பொண்ணுக்கு ஒரு சாயங்காலம் திடீரென்று ஏறியது. மறுநாள் காட்பாடியில் நாங்கள் எப்போதும் போகும் குழந்தை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனோம். அவர் கேட்ட கேள்விகளைச் சொல்கிறேன், ஏனென்றால் பாதி விடை அதிலேயே இருந்தது. மூக்கு ஒழுகுகிறதா, இருமல் இருக்கிறதா, குரல் கம்மியிருக்கிறதா, கண் சிவந்ததா, வீட்டிலோ வகுப்பிலோ வேறு யாருக்காவது இருக்கிறதா, சிறுநீர் போகும்போது எரிகிறதா, காது வலிக்கிறது என்றாளா, காய்ச்சல் இறங்கும் நேரத்தில் எழுந்து விளையாடுகிறாளா. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் லீவு, இவளுக்கு மூக்கும் ஒழுகியது, இருமலும் இருந்தது, மருந்து கொடுத்து ஒரு மணி நேரத்தில் எழுந்து டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவாள்.

அப்புறம் தொண்டை, காது, நெஞ்சு பார்த்தார். "தொண்டை சிவந்திருக்கு, ஆனா டான்சில்ல சீழ் இல்லை, கழுத்துல நெறி கட்டலை, கூடவே சளியும் இருமலும் இருக்கு. பாக்டீரியா தொண்டைப் புண்ணா இருந்தா பெரும்பாலும் இருமல் இருக்காது, விழுங்கவே முடியாம வலிக்கும். காதும் நெஞ்சும் சுத்தமா இருக்கு. இது வைரஸ்தான்மா, ஆன்டிபயாடிக் இப்போ வேண்டாம்" என்றார். பாக்டீரியா பெரும்பாலும் ஓர் இடத்தில் போய் உட்காரும், காது, டான்சில், நுரையீரல், சிறுநீர்ப் பாதை என்று ஏதாவது ஓர் இடம் பேசும், வைரஸ் மூக்கு தொண்டை கண் உடம்பு வலி என்று பல இடத்தையும் கொஞ்சம் கொஞ்சம் தொடும் என்று அவர் விளக்கியது எனக்குப் பிடித்தது. சளி, இருமல் எதுவுமே இல்லாமல் வெறும் காய்ச்சலாக மட்டும் வந்திருந்தால் சிறுநீர்ப் பரிசோதனைக்கு எழுதியிருப்பேன், பெண் குழந்தைகளுக்குச் சிறுநீர்த் தொற்று காய்ச்சலை மட்டும் காட்டிக்கொண்டு வரும் என்றும் சொன்னார்.

கிளம்பும் முன் சட்டையைத் தூக்கி அக்குள், முதுகு, காதுக்குப் பின்னால், தொடை இடுக்கு எல்லாம் பார்த்தார். எதற்கு என்று கேட்டதற்கு, வேலூர்ப் பக்கம் காய்ச்சல் என்றால் இதைப் பார்க்காமல் அனுப்ப மாட்டேன் என்றார். அந்தக் காரணம் அப்பா கதையில் வரும்.

மருந்து என்றால் பாராசிட்டமால் மட்டும்தான். குழந்தையின் எடைக்கு ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் ஒரு வேளைக்கு. இவள் 22 கிலோ, ஆகவே 300 மில்லிகிராம், எங்களிடம் இருந்த 250 சிரப்பில் 6 மில்லி. ஆறு மணி நேர இடைவெளி விட்டு, ஒரு நாளைக்கு நாலு வேளைக்கு மேல் கூடாது. சிரப் வாங்கும்போது பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள், 5 மில்லிக்கு 120, 125, 250 என்று பல பலத்தில் வருகிறது, பார்க்க ஒரே மாதிரி இருக்கும். காய்ச்சல் சீக்கிரம் இறங்கட்டும் என்று ஐபுப்ரோஃபென், மெஃபினமிக் ஆசிட் கலந்த சிரப் எதுவும் கொடுக்க வேண்டாம், டெங்கு இல்லை என்று தெரியும்வரை அவை ரத்தக் கசிவை அதிகமாக்கலாம் என்று அழுத்திச் சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்தால் அத்தை, "இன்னாம்மா, ஒரு ஊசிகூடப் போடலையா? நூத்தி மூணு அடிக்குது, இன்னா டாக்டரு?" என்று ஆரம்பித்துவிட்டார். அவர் பயமும் நியாயம்தான், அவர் காலத்தில் காய்ச்சலில் போன பிள்ளைகளைப் பார்த்தவர். பாராசிட்டமால் வாங்கப் போன என் வீட்டுக்காரரிடம் மருந்துக் கடையில் அசித்ரோமைசின் சிரப்பையும் சேர்த்து நீட்டி, மூன்று நாள் கொடுங்கள் சார், நின்றுவிடும் என்றார்களாம். அவர் வாங்காமல் வந்தார். கொடுத்திருந்தாலும் நின்றிருக்கும், எப்படியும் மூன்று முதல் ஐந்து நாளில் நிற்கிற காய்ச்சல்தான் அது. ஆனால் பெயர் மருந்துக்குப் போயிருக்கும், அடுத்த காய்ச்சலுக்கும் அதையே தேடிப் போயிருப்போம். ஊரில் பாதிப் பேருக்கு அசித்ரோமைசின் மேல் நம்பிக்கை வந்தது இப்படித்தான் என்று நினைக்கிறேன். இதில் ஒரு பெரிய நஷ்டம் இருக்கிறது. டைபாய்டுக் கிருமி நம் நாட்டில் சிப்ரோஃப்ளாக்சசினுக்குப் பெரும்பாலும் அடங்குவதில்லை, வாய் வழியாகக் கொடுக்க மிச்சம் இருக்கும் சில மருந்துகளில் அசித்ரோமைசின் முக்கியமானது. அதைச் சளிக்குச் செலவழித்தால் டைபாய்டு வரும்போது அதுவும் கைகொடுக்காமல் போகலாம்.

மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்ததால் ரத்தம் எடுத்தார்கள். வெள்ளை அணுக்கள் 3,600, அதில் லிம்போசைட் 58 சதவீதம், பிளேட்லெட் 1.7 லட்சம், டெங்கு என்எஸ்1 நெகட்டிவ். வெள்ளை அணு குறைந்து லிம்போசைட் ஏறினால் வைரஸ் பக்கம், மொத்தமாக ஏறி நியூட்ரோஃபில் கூடினால் பாக்டீரியா பக்கம் என்பது பொதுவான கணக்கு. ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கக்கூடாது. வைரஸ் வந்த முதல் நாளில் நியூட்ரோஃபில் கூடுதலாகக் காட்டலாம், டைபாய்டில் வெள்ளை அணு பெரும்பாலும் ஏறாமலோ குறைந்தோ இருக்கும். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்ப்பதற்கு முன்னால் மறுபடி குழந்தையைத்தான் தலைமுதல் கால்வரை பார்த்தார். ஒருவேளை டெங்குவாக இருந்தால் காய்ச்சல் நின்ற பிறகுதான் கவனம் வேண்டும், விடாத வயிற்று வலி, வாந்தி, கை கால் சில்லிட்டுப் போவது, ஈறில் ரத்தம், சிறுநீர் குறைவது, தூங்கித் தூங்கி வழிவது, மூச்சு வாங்குவது, இதில் எது வந்தாலும் நேரம் பார்க்காமல் கொண்டுவரச் சொன்னார். எதுவும் வரவில்லை. ஐந்தாம் நாள் காய்ச்சல் போனது, இருமல் மட்டும் இரண்டு வாரம் இழுத்தது. நடுவில் மூக்குச் சளி மஞ்சளானது, அதுவும் வைரஸ் சளியில் நடப்பதுதான், நிறத்தை வைத்து ஆன்டிபயாடிக் கொடுக்கத் தேவையில்லை. காய்ச்சல் நின்று ஓரிரு நாள் கழித்து மறுபடி ஏறினால்தான் சந்தேகப்பட வேண்டும், வைரஸ் புண்ணாக்கிய இடத்தில் பாக்டீரியா புதிதாக ஏறியிருக்கலாம்.

இப்போது அப்பா. அறுபதைத் தாண்டியவர், மாட்டுக்குப் புல் அறுக்க வரப்போரம் உட்காருவார். அவருக்குச் சளி, மூக்கொழுகல் எதுவும் இல்லை. குளிர்க் காய்ச்சல், தலை வெடிக்கிற வலி, உடம்பு அடித்துப்போட்ட மாதிரி, கொஞ்சம் வறட்டு இருமல். அங்கே பக்கத்தில் ஒரு கிளினிக்கில் வைடால் டெஸ்ட் எடுத்து டைபாய்டு ஆரம்பம் என்று செஃபிக்சிம் மாத்திரை கொடுத்திருந்தார்கள். சில நாள் சாப்பிட்டும் ஒரு டிகிரி இறங்கவில்லை. வைடால் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள், அது கிருமியைப் பார்ப்பதில்லை, உடம்பில் இருக்கும் எதிர்ப்புப் பொருளைத்தான் பார்க்கிறது. எப்போதோ வந்துபோன தொற்றும், வேறு காய்ச்சலும்கூட அதைப் பாசிட்டிவ் ஆக்கும். டைபாய்டு என்று உறுதியாகச் சொல்ல பிளட் கல்ச்சர் வேண்டும், அதுவும் ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கும் முன்னால் எடுத்தால்தான் கிருமி வளர்ந்து காட்டும். அப்பா ஏற்கனவே மாத்திரை சாப்பிட்டதால் அந்த வாய்ப்பும் குறைந்துவிட்டது.

இங்கே கூட்டிவந்து காட்டினோம். பிளேட்லெட் 85,000, எல்லோரும் டெங்கு என்று பயந்தோம். டாக்டர் சட்டையைக் கழற்றச் சொல்லி, வேட்டியைத் தளர்த்தச் சொல்லி தேடினார். இடுப்பு மடிப்பில், அரைஞாண் கயிற்றுக்குக் கீழே, சிகரெட்டால் சுட்ட மாதிரி ஒரு கருப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம். வலியும் இல்லை அரிப்பும் இல்லை, அப்பாவுக்கு அது இருப்பதே தெரியாது. ஸ்க்ரப் டைபஸ், பேப்பரில் உண்ணிக் காய்ச்சல் என்று போடுவார்கள். புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சியின் குஞ்சு கடித்து வருவது. வேலூர் வட்டாரத்தில் மழை முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில் இது நிறையவே உண்டு, சிஎம்சி டாக்டர்கள் பல வருடமாக இதை ஆராய்ந்து எழுதி வருகிறார்கள். நோய் முற்றியவர்களுக்கு டாக்சிசைக்ளினும் அசித்ரோமைசினும் சேர்த்து நரம்பில் ஏற்றினால் ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்லது என்று 2023-ல் வந்த பெரிய ஆய்வும் அவர்கள் முன்னின்று நடத்தியதுதான். பொருக்கு எல்லோருக்கும் இருக்காது, அதனால் இல்லை என்பதற்காக இந்தக் காய்ச்சல் இல்லை என்று சொல்லிவிட முடியாது. பெண்களுக்கு மார்புக்குக் கீழே மறைந்திருக்கும், கூச்சப்பட்டுக் காட்டாமல் விடுவது அதிகம்.

செஃபிக்சிம் ஏன் கேட்கவில்லை என்று டாக்டரிடம் கேட்டேன். அந்த வகை மருந்து பாக்டீரியாவின் வெளிச்சுவரை உடைத்துக் கொல்வது, இந்தக் கிருமி நம் செல்லுக்கு உள்ளேயே குடியிருப்பது, அதற்கு அந்தச் சுவர் ஒழுங்காகவே கிடையாது. டாக்சிசைக்ளின் செல்லுக்குள் போய், கிருமி தனக்கு வேண்டிய புரதம் செய்வதைத் தடுக்கும். பொண்ணுக்கு ஏன் ஆன்டிபயாடிக்கே வேண்டாம் என்றார்கள் என்பதும் எனக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது: வைரஸுக்கு அந்தச் சுவரும் இல்லை, புரதம் செய்ய சொந்தமாக எதுவும் இல்லை, நம் செல்லைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. மருந்து போய்த் தாக்க அங்கே இடமே இல்லை.

டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், காலை இரவு, ஏழு நாள். சாப்பிட்ட பிறகு ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு, போட்டவுடன் படுக்கக்கூடாது, உணவுக் குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். ஸ்க்ரப் டைபஸை உறுதி செய்யும் ஐஜிஎம் எலிசா ரத்த டெஸ்ட் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆரம்பித்தார்கள், முதல் வாரத்தில் அந்த டெஸ்ட் நெகட்டிவாகவும் வரலாம். நாற்பத்தெட்டு மணி நேரத்தில் காய்ச்சல் இறங்க வேண்டும், இறங்காவிட்டால் வேறு நோயா அல்லது ஏதாவது சிக்கலா என்று மறுபடி தேடுவோம் என்றார்கள். அப்பாவுக்கு மறுநாள் ராத்திரியே வியர்த்து இறங்கியது, பிறகு எலிசாவும் பாசிட்டிவ் என்று வந்தது. நாலாம் நாள் தெம்பு வந்ததும் மாத்திரையை நிறுத்தப் பார்த்தார், அம்மா விடவில்லை, ஏழு நாளும் எண்ணிக் கொடுத்து முடித்தார்.