முகம் அறியாத போனும் முந்திக்கொண்ட ரீசெட்டும்

முகத்தைக் காட்டித் திறக்கும் ஐபோன் ஒன்று திடீரென்று உங்களை அடையாளம் காண மறுத்தால், அதைக் கடைக்குக் கொண்டு போனதும் யாரும் பதிந்த முகத்தை அழிக்கும் 'Reset Face ID' என்ற வரியைத் தொடுவதற்கு இடம் கொடுக்காதீர்கள். அதைச் செய்ய வேண்டிய கட்டம் ஒன்று உண்டு, ஆனால் அது கடைசிக் கட்டம். என்னுடைய போனில் அதையே முதல் வேலையாகச் செய்தார்கள். அதனால், திரையின் மேல் ஒட்டிய கிளாஸைக் கழற்றித் துடைத்தாலே தீர்ந்திருக்கக் கூடிய ஒரு குறை, கொழும்புக்கு அனுப்பி போர்டைத் திறக்க வேண்டிய பெரும் பழுதாக என் முன்னால் வந்து நின்றது.

போன் ஐபோன் 11. களுவாஞ்சிகுடியில் இருந்து வேறு அலுவலாகக் கல்முனைக்குப் போன இடத்தில், பக்கத்தில் இருப்பவர் திரையைப் பார்க்க முடியாதபடி கறுப்பாகத் தெரியும் பிரைவசி கிளாஸ் ஒன்றையும், விளிம்பு தடித்த ரப்பர் கவர் ஒன்றையும் ஒரு கடையில் போட்டுத் தந்தார்கள். முதல் சில நாட்கள் ஒரு குறையும் தெரியவில்லை. அதன் பிறகு பூட்டுக் குறி அசைந்துவிட்டுக் கடவுக்குறியைக் கேட்பது மெல்ல மெல்லக் கூடி, இறுதியில் காசு அனுப்பும் வங்கி ஆப்பும் முகத்தை ஏற்க மறுக்கும் நிலை வந்தது. இந்த இடத்தில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். போனை அணைத்து மீண்டும் போட்டாலும், 48 மணித்தியாலம் திறக்காமல் விட்டாலும், முகம் ஐந்து தடவை பொருந்தாமற் போனாலும் போன் கடவுக்குறியைக் கேட்கும். அது அதன் பாதுகாப்பு முறை, பழுதல்ல. எனக்கு நடந்தது அப்படியல்ல. கடவுக்குறியைக் கொடுத்துத் திறந்து, பூட்டி, உடனே முகத்தைக் காட்டினாலும் அது என்னை அறியவில்லை.

கிளாஸ் போட்ட கடைக்கே திரும்பப் போனேன். மேசையில் இருந்த தம்பி போனைக் கையில் வாங்காமலே, "சேர், இருட்டுக்குள்ள வைச்சுப் பார்த்திருப்பீங்க, வெளிச்சம் காணாட்டி முகம் பிடிக்காது" என்றார். இந்த விளக்கம் பலருடைய போனுக்குப் பொருந்தும், என்னுடையதற்குப் பொருந்தாது. விலை குறைந்த அன்ட்ரொயிட் போன்களிற் பெரும்பாலானவை முன்பக்கக் கமெராவால் ஒரு சாதாரணப் படத்தைப் பிடித்துத்தான் முகத்தை ஒப்பிடுகின்றன. வெளிச்சம் குறைந்தால் அந்தப் படமும் மங்கிவிடும், போனும் திறக்காது. ஃபேஸ் ஐடி உள்ள ஐபோன் அறையின் வெளிச்சத்தை நம்பியிருப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் தானே முகத்தின் மீது பாய்ச்சி, அதோடு முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட நுண் புள்ளிகளையும் எறிந்து, அவை முகத்தின் மேடு பள்ளங்களில் எப்படி விழுகின்றன என்பதை அகச்சிவப்புக் கமெராவால் படித்துக்கொள்கிறது. ஆகவே கும்மிருட்டிலும் அது திறக்க வேண்டும். என்னுடைய போனோ நண்பகலில் திண்ணையில் வைத்துப் பார்த்தபோதும், இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தபோதும் ஒரே விதமாகவே மறுத்தது. குறை வெளிச்சத்தில் இல்லை என்பதற்கு அதுவே போதிய சான்று. இதை எடுத்துச் சொன்னபோது, "அப்ப சென்சர் போயிட்டுது" என்று அவர் அடுத்த முடிவுக்குத் தாவினார்.

கடவுக்குறியை ஒரு துண்டுத் தாளில் எழுதித் தரும்படி கேட்டார். மறுத்துவிட்டு நானே அழுத்திக் கொடுத்தேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். என்ன பார்க்கப் போகிறார் என்று நான் கேட்டு முடிப்பதற்குள் அவர் செட்டிங்ஸில் 'Face ID & Passcode' பகுதிக்குள் போய், கவரையும் கிளாஸையும் கழற்றாமலே, முகப் பதிவை அழித்துவிட்டார். புதிதாகப் பதியத் தொடங்கியதும் திரை 'Move iPhone a Little Lower' என்றது. போனைத் தாழ்த்தினேன், 'Move iPhone a Little Higher' என்றது. இப்படி ஏற்றி இறக்கி, கழுத்து வலி எடுத்ததைத் தவிர வேறு எதுவும் நடக்கவில்லை. அதுவரை பத்துக்கு ஒரு தடவையாவது திறந்துகொண்டிருந்த போனுக்கு இப்போது முகமே இல்லாமற் போய்விட்டது. "போர்ட் வேலை, கொழும்புக்கு அனுப்ப வேணும்" என்று சொல்லி, ஒரு நல்ல அன்ட்ரொயிட் போனே வாங்கக் கூடிய தொகை ஒன்றையும் சொன்னார்கள். போனை வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியேறினேன்.

இரவு வீட்டில் மருமகனின் பழைய அன்ட்ரொயிட் போனை வாங்கி ஒரு சோதனை செய்தேன். பல போன்களின் முன்பக்கக் கமெராக்கள் அகச்சிவப்பை முழுமையாகத் தடுப்பதில்லை. முதலில் டீவி ரிமோட்டை அந்தக் கமெராவுக்கு நேரே பிடித்து அழுத்திப் பார்க்க வேண்டும். ரிமோட்டின் நுனி ஊதாப் புள்ளியாக மின்னினால் அந்தக் கமெரா இந்தச் சோதனைக்கு உதவும். பின்னர் அறையை இருட்டாக்கி, அதே கமெராவில் வீடியோவைத் திறந்து, ஐபோனின் மேல் நெற்றியில் உள்ள கறுப்புப் பட்டையை அதற்குக் காட்டியபடி பக்கப் பொத்தானை அழுத்த வேண்டும். ஐபோன் முகத்தைத் தேடும்போது அந்தப் பட்டையில் ஒளி துடிக்க வேண்டும். என் போனின் கிளாஸுக்குப் பின்னால் புகை படிந்தாற்போல ஒரு மங்கல் மட்டும் வந்து போனது. ஒளி அறவே இல்லை என்றால் வேறு கதை. இருக்கிறது, ஆனால் எதுவோ மறைக்கிறது என்பது கண்ணாலே தெரிந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. எனினும் இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. ஒளி தெரிவதால் புள்ளிகளை எறியும் பகுதி நலமாக இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லிவிட முடியாது.

கிளாஸை உற்றுப் பார்த்தபோது மீதியும் விளங்கியது. ஐபோன் 11 இன் அந்தப் பட்டையில் இடது ஓரமாக அகச்சிவப்புக் கமெராவும், அதன் பக்கத்தில் ஒளி பாய்ச்சும் பகுதியும், நடுவில் அழைப்பின் குரல் வரும் காதுப் பகுதியும், வலப்புறம் செல்ஃபி கமெராவும், வலது ஓரத்தில் புள்ளிகளை எறியும் பகுதியும் உள்ளன. அதாவது பட்டை முழுவதும் பார்க்கும் கருவிகளே. எனக்குப் போட்ட கிளாஸிலோ செல்ஃபி கமெராவுக்கும் காதுப் பகுதிக்கும் மட்டும் வெட்டு இருந்தது, மற்ற இடமெல்லாம் கறுப்பு மை. செல்ஃபி தெளிவாக விழுந்ததால்தான் கடைக்காரர் "கமெரா கிளியர்" என்று அடித்துச் சொன்னார்.

கவர் தன் பங்குக்கு வேறொரு வேலை செய்திருந்தது. அதன் தடித்த மேல் விளிம்பு கிளாஸின் ஓரத்தை ஒரு மயிரிழை அளவுக்குக் கிளப்பிவிட்டிருந்தது. கவரைக் கழற்றி, கிளாஸின் கீழ் மூலை ஒன்றில் பழைய ரீலோட் கார்டைச் செருகி, அவசரப்படாமல் மேல் நோக்கி நகர்த்திக் கழற்றினேன். பட்டையின் இடது புறத்தில், சரியாக அகச்சிவப்புக் கமெரா இருக்கும் இடத்தில், முகப் பவுடரும் வியர்வையும் சேர்ந்து காய்ந்த வெண்மையான படை ஒன்று பிறை வடிவில் ஒட்டியிருந்தது, அதைச் சுற்றிக் கிளாஸின் பசைக் கோடு. கண்ணாடி துடைக்கும் மென்துணியைச் சற்றே ஈரமாக்கித் துடைத்ததில் படை போனது. பசைக் கோட்டுக்கு 70 வீத ஐசோப்ரொப்பைல் அல்கஹோல் தோய்த்த துடைப்பான் தேவைப்பட்டது. ஊசி, குண்டூசி, பல்குச்சி எதையும் காதுப் பகுதியின் வலைக்குள் விட வேண்டாம். காற்றடித்துத் தூசி போக்கும் கடைப் பழக்கத்துக்கும் இடம் கொடுக்க வேண்டாம். துடைத்த பின் மருமகனின் போனில் பார்த்தேன், ஒளி பளிச்சென்று துடித்தது. முன்பக்கக் கமெராவில் போர்ட்ரெய்ட் படமும் பின்னணியை ஒழுங்காக மங்கலாக்கி வந்தது. முன்பக்கத்தில் அந்த மங்கலுக்கும் ஆழத்தை அளக்கும் இதே கருவிகளே துணை என்பதால், உள்ளுக்குள் எதுவும் சாகவில்லை என்ற நம்பிக்கை பிறந்தது.

அதன் பிறகுதான் மறுபதிவு. பெரிய சிக்கல் எதுவும் இல்லை. ஜன்னலுக்கு முதுகு காட்டாமல் அமர்ந்து, போனை நிமிர்த்தி, முகத்தில் இருந்து 25 தொடக்கம் 50 சென்ரிமீற்றர் தூரத்தில் பிடித்து, கையை அசைக்காமல் தலையை மட்டும் மெதுவாக இரண்டு வட்டம் சுழற்றினேன். கடையில் ஏறி இறங்க வைத்த அதே போன் இம்முறை ஒரு சொல்லும் சொல்லாமல் ஏற்றுக்கொண்டது. வாசிக்கும் கண்ணாடி போட்ட முகத்தை 'Set Up an Alternate Appearance' என்பதில் தனியாகப் பதிந்தேன். பெரும்பாலான கண்ணாடிகளுக்கு அது தேவைப்படாது, என் கண்ணாடியின் சட்டம் மிகத் தடிப்பு. சில கறுப்புக் கண்ணாடிகள் அகச்சிவப்பையே தடுக்கும், அவற்றுக்கு எந்தப் பதிவும் உதவாது. ஹெல்மெட்டின் கீழ்ப்பகுதி வாயையும் மூக்கையும் மறைத்தாலும் ஐபோன் 11 திறக்காது. முகக்கவசத்தோடு திறக்கும் வசதி ஐபோன் 12 இல் இருந்துதான் தொடங்குகிறது. பதிந்த முதல் நாட்களில் முகம் இடைக்கிடை தவறினால், போனை வீசி எறியாமல் உடனே கடவுக்குறியை அழுத்துங்கள். ஓரளவு பொருந்தி மயிரிழையில் தவறிய முகத்தை, கடவுக்குறி சரியாக வந்ததும் போன் தன் பதிவோடு சேர்த்துக்கொள்கிறது.

எல்லாப் போனும் துடைத்தால் மீளும் என்று எண்ணிவிட வேண்டாம். எங்கள் அயலவர் ஒருவரின் ஐபோன் தோணியில் இருந்து வாவிக்குள் விழுந்து எடுத்தது. அதில் முகத்தைப் படிக்கும் கமெராவிலேயே பழுது என்று சொல்லும் 'A problem was detected with the TrueDepth camera' என்ற அறிவிப்பே வந்தது. நீர் புகுந்து புள்ளி எறியும் பகுதி செத்தால் துணியும் அல்கஹோலும் வீண். அந்தப் பகுதி அந்தந்தப் போனின் போர்டோடு இணைக்கப்பட்டிருப்பதால், வேறொரு போனில் இருந்து கழற்றிப் பொருத்தினாலும் ஃபேஸ் ஐடி தானாக உயிர்க்காது. கடையில் "மாத்தித் தாறன்" என்று இலகுவாகச் சொன்னால், மாற்றிய பின் ஃபேஸ் ஐடி வேலை செய்யாவிட்டால் காசு திரும்புமா என்று முதலில் கேளுங்கள்.

இப்போது மேற்பட்டை முழுவதும் திறந்து வெட்டப்பட்ட சாதாரண கிளாஸ் போட்டிருக்கிறேன், வேறு கடையில். வாங்கும்போது அதை ஒட்டுவதற்கு முன்னரே போனின் மேல் வைத்து, இடது ஓரமும் வலது ஓரமும் மறைகிறதா என்று பார்த்துக்கொண்டேன். பழைய கிளாஸைக் கொண்டுபோய்க் காட்டிக் காசைக் கேட்டபோது, கழற்றிய கிளாஸை எடுக்க மாட்டோம் என்றார்கள். அதே கறுப்புக் கிளாஸ்கள் அங்கே இன்னும் வரிசையாகத் தொங்குகின்றன.